பாட்டு இல்லாமல் கேட்ட ரயில்

காளியப்பன் ஒரு காலத்தில் தன் தங்கை புருஷன் மகேஸ்வரனுக்கு எட்டாயிரம் மலேசிய வெள்ளி கடன்பட்டிருந்தார். இதில் மறைக்க ஒன்றுமில்லை. சிடி வியாபாரம் படுத்துப் போய், கடை வாடகைக்குக்கூட வழியில்லாமல் நின்றபோது வாங்கிய பணம் அது. மகேஸ்வரன் வட்டி கேட்கவில்லை, பத்திரம் கேட்கவில்லை. காளியப்பனும் ஏமாற்றவில்லை, ரெண்டே வருஷத்தில் கடைசிக் காசுவரை திருப்பிக் கொடுத்து, மேலே தங்கைக்கு ஒரு தங்கக் காப்பும் போட்டுவிட்டார். கணக்குப்படி கடன் அடைந்தது. ஆனால் ஆபத்துக்கு உதவினவன் என்ற எண்ணம் மட்டும் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு மகேஸ்வரன் கடைக்குச் சரக்காக இறக்கிய எந்தப் பெட்டியையும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கிளீனராகத் தொங்கிக்கொண்டு ஜொகூர் மாநிலம் முழுவதையும் பார்த்தவர். பிறகு பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைகளில் ஒரு மடக்கு மேசையும் ரெண்டு ஸ்பீக்கரும் வைத்து கேசட் விற்றார். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் போன் வந்தது. கூட நின்று விற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. காளியப்பன் மட்டும் தெப்ராவ் கடைத்தொகுதியில் சொந்தப் பெயர் போட்ட பலகையோடு நின்றார். போன் உறை, சார்ஜர், திரைக் கண்ணாடி, ஹெட்போன். படித்தவன் ஒரு வேலையை நம்பிப் பிழைக்கிறான். படிக்காதவன் பத்து வேலையைக் கற்றுக்கொண்டு பிழைக்கிறான். அவர் பத்தும் கற்றவர்.

அவரிடம் ஒரு சொத்து உண்டு. அது அவருடைய வாய். "நான் சொல்றேன்ல, எடுத்துட்டுப் போங்க, கெட்டுப்போனா என் மூஞ்சியில வீசுங்க" என்பார். இத்தனை வருஷத்தில் யாரும் வீசியதில்லை. பக்கத்துக் கடையில் ஐந்து வெள்ளி குறைவாகக் கிடைக்கும் சாமானை, காளியப்பன் சொன்னார் என்பதற்காக அவரிடம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமையில்தான் அவர் சோறு தின்றார், தூங்கினார், காலையில் ஷட்டரைத் தூக்கினார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மகேஸ்வரன் ஒரு புது ஹெட்போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். காதை முழுசாக மூடும் பஞ்சு வளையம், பக்கத்தில் ஒரு சுவிட்ச், அழுத்தினால் பச்சை விளக்கு. சத்தத்தை அடக்கும் ஹெட்போன் என்றான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயிலில் பாட்டுக் கேட்க இதைத்தான் தேடுகிறார்கள், பெரிய கம்பெனி சாமான் ஆயிரம் வெள்ளிக்கு மேல், இதை இருநூற்று அறுபதுக்கு விற்கலாம் என்றான். காளியப்பன் அப்போது கடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் பக்கம் போய் நின்று மாட்டிப் பார்த்தார். சுவிட்சை அழுத்தியதும் அந்த உறுமல் யாரோ கம்பளியால் மூடியதுபோல் அடங்கியது. அதோடு சரி. நல்ல சாமான் என்று முடிவு கட்டிவிட்டார்.

விற்கும் விதத்தையும் அவரே வகுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் தலையில் மாட்டிவிடுவார். போனில் உறுமி மேளப் பாட்டு ஒன்றைப் போடுவார். அடி விழும் நேரம் பார்த்து சுவிட்சை அழுத்துவார். வாடிக்கையாளரின் முகம் மலரும். கடைத்தொகுதியின் இரைச்சல், எதிர்க்கடை விளம்பரம், குழந்தை அழுகை எல்லாம் போய்விடும். "பாத்தீங்களா, சத்தம் ஓடிப்போச்சு" என்பார். கேசட் விற்றுப் பழகியவருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டத்தான் தெரியும். பாட்டை நிறுத்திக் காட்டும் வியாபாரி எவன் இருக்கிறான்?

இப்படி வாங்கிப் போனவர்களில் ஒருத்தி பிரேமலா. கம்பீர் தாமான் குடியிருப்புப் பக்கத்தில் வீடு. சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் கருவிகள் கழுவிக் கொதிக்கவைக்கும் வேலை. மத்தியான ஷிப்டு. சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி, அந்தக் கரையில் உள்ள உட்லண்ட்ஸில் பூமிக்கடியில் ஓடும் ரயிலைப் பிடித்து முக்கால் மணி நேரம் போக வேண்டும், திரும்ப வேண்டும். அந்த நேரத்தை அவள் வீணாக்கவில்லை. மருத்துவர் பக்கத்தில் நின்று உதவும் வேலைக்கு ஒரு பரீட்சை இருந்தது. அதன் பாடங்களை ஆங்கிலத்தில் பதிவுசெய்து ரயிலில் கேட்டுக்கொண்டே போவாள். சுரங்கத்துக்குள் ரயில் போடும் கூச்சலில் பாடம் காதில் ஏறவில்லை என்றுதான் காளியப்பனிடம் வந்தாள். சாதாரண இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்ததில் பயமாக இருக்கிறது என்றாள்.

காளியப்பனுக்கு இப்படிப்பட்ட பெண்களைப் பிடிக்கும். முன்னேறத் துடிக்கிறவர்கள். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தத்தின் அளவு காட்டும் கோட்டைப் போனில் பாதியில் நிறுத்திக் காட்டினார். "பாதிக்கு மேல போகாதம்மா. இது இரைச்சலத் தின்னுடும். பாதியே போதும். காதுக்கு ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்."

பிரேமலா அப்படியே செய்தாள். ஒரு வருஷத்துக்கும் மேல் பாதியைத் தாண்டவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். முகம் சரியில்லை. குறை சொல்ல வரவில்லை, ஹெட்போன் பெட்டி இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். எதற்கு என்றார் காளியப்பன். காதில் ரொம்ப நாளாய் ஈ பறப்பதுபோல் ஒரு சத்தம், ரயிலை விட்டு இறங்கினால் கூடுதலாகக் கேட்கிறது, காது பரிசோதனை நிலையத்துக்குப் போனாள், அங்கே உள்ள பெண் ஹெட்போனையும் பெட்டியோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஹெட்போன் மேல்தான் சந்தேகமாம்.

காளியப்பனுக்குச் சுருக்கென்றது. "என் சாமான் மேலயா?"

"எனக்குத் தெரியல அங்கிள். நான் பாதியிலதான் வச்சிருக்கேன்னு சொன்னேன். அவங்க நம்பல."

"வாம்மா, நானும் வர்றேன்" என்று ஷட்டரை இறக்கினார். அதற்கு முன் வியாபார நேரத்தில் அவர் ஷட்டரை இறக்கியது மனைவி செத்த அன்றைக்கு மட்டும்தான்.

பரிசோதனை நிலையம் ரெண்டு தெரு தள்ளி, காது கேட்கும் கருவி விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சாருமதி என்ற இளம்பெண் நடத்தினாள். செட்டிநாட்டுக் குடும்பம், கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்தவள். காளியப்பன் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். தான் முப்பது வருஷமாய் சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவன், ஒரு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுகிறவன், படிப்பு வேறு அனுபவம் வேறு என்று வெளுத்து வாங்கினார். சாருமதி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

பிறகு பிரேமலாவின் காது கேட்கும் கோட்டைத் திரையில் காட்டினாள். மேலாகப் போய்க்கொண்டிருந்த கோடு கூர்மையான ஒலிகள் இருக்கும் இடத்தில் ஒரு குழிக்குள் விழுந்து எழுந்தது. இரைச்சல் தின்ற காதில்தான் இந்த இடத்தில் குழி விழும் என்றாள். வேலையிடத்தில் இரைச்சல் கிடையாது, மோட்டார் சைக்கிளும் ஓட்டுவதில்லை. அப்படியானால் ரயிலும் ஹெட்போனும்தான் மிச்சம்.

"நல்ல ஹெட்போன் போட்டா ரயிலுல சத்தத்த கம்மி பண்ணிக்கலாம்னுதானே எல்லாரும் சொல்றாங்க?" என்று காளியப்பன் மடக்கினார்.

உண்மைதான் என்று சாருமதி ஒப்புக்கொண்டாள். நிஜமான சத்தம் அடக்கும் ஹெட்போனில் வெளியிலும் உள்ளேயும் குட்டி மைக்குகள் இருக்கும். ரயிலின் உறுமலை அந்த மைக் கேட்கும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு நேரெதிராக அதே அளவுக்கு உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தள்ளும். ரெண்டும் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். காதுக்கு மிச்சம்தான் வரும்.

காளியப்பனுக்கு லாரி ஞாபகம் வந்தது. சேற்றில் நிற்கும் லாரியைப் பின்னாலிருந்து ஒருத்தன் தள்ள, அதே நேரம் அதே பலத்தில் முன்னாலிருந்து இன்னொருத்தன் தள்ளினால் லாரி அசையாது. இதைத்தானே சொல்கிறாய் என்று கேட்டார். அதேதான் அங்கிள் என்றாள் சாருமதி. ஆனால் எதிர்த்துத் தள்ளுகிறவன் நேரம் தப்பக் கூடாது. எஞ்சின் உறுமல், சக்கர இரைச்சல்போல் ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தம் என்றால் அவனால் ஈடுகொடுக்க முடியும். ஒருவர் பேசுவது, தட்டு விழுவது, குழந்தை கத்துவது இதெல்லாம் சட்டென்று மாறும். அதற்கு அவன் பின்தங்கிவிடுவான். அங்கே பஞ்சு வளையம்தான் கொஞ்சம் தடுக்கும்.

"உறுமல் போயிட்டா, அதுக்கு மேல ஏறிப் பேச பாட்டு கத்த வேண்டியதில்ல. சத்தத்த இறக்கலாம். இறக்கினாத்தான் காதுக்கு லாபம். இறக்காம அதே சத்தத்துல கேட்டா, எந்த ஹெட்போனும் காப்பாத்தாது" என்றாள்.

பிறகு பிரேமலாவை நாற்காலியில் உட்காரவைத்து, நூல் மாதிரி ஒரு ரப்பர் குழாயைக் காதுத் துளைக்குள் விட்டாள். காதுக்குள் உண்மையில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்று அளக்கும் குழாய். காதுக் கருவி பொருத்துகிறவர்கள் தினமும் பயன்படுத்துவது. மேலே தன்னுடைய சொந்த ஹெட்போனை மாட்டிவிட்டு, அறையின் ஸ்பீக்கரில் ரயில் உறுமலைப் போட்டாள். பாட்டு ஏதும் இல்லை. சுவிட்சை அழுத்தியதும் திரையில் இருந்த கோட்டின் தாழ்ந்த பக்கம் அப்படியே உட்கார்ந்தது, இருபது டெசிபலுக்கும் மேல். பிறகு காளியப்பன் கடை ஹெட்போன். சுவிட்சை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கோடு அசையவில்லை.

அடுத்து பிரேமலாவின் பாடத்தைப் போட்டு, போனில் சத்தத்தைப் பாதியில் நிறுத்திவைத்தாள். சுவிட்சை அழுத்தினாள். கோடு மேலே எகிறியது.

சாருமதி எகிறிய கோட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு சொன்னாள், இந்த சுவிட்ச் இரைச்சலை அடக்கவில்லை, ஒலியைப் பத்து டெசிபல் கூட்டிவிடுகிறது. பாட்டு ஏறிப்போய் இரைச்சல் மேல் உட்காருவதால் இரைச்சல் போய்விட்டது என்று தோன்றும். பத்துக் கூடினால் காதுக்குள் போகும் பலம் பத்து மடங்கு. மூன்று கூடினாலே காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். போனில் பாதி என்று காட்டினாலும் காதுக்குள் அது பாதி இல்லை.

பிரேமலா குழாய் தொங்கிய காதோடு காளியப்பனைப் பார்த்தாள்.

காளியப்பன் எழுந்துவிட்டார். மெஷினை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், ஒரு ஸ்பீக்கரும் ரெண்டு கோடும் வைத்துக்கொண்டு என்னை மடையனாக்க முடியாது என்றார். ரயில் சத்தத்தை ரயிலில் போய்ப் பார்க்கணும். நான் போகிறேன், என் காதாலேயே கேட்கிறேன். ரெண்டு ஹெட்போனையும் கொடுங்கள் என்றார்.

சாருமதி யோசிக்காமல் தன் ஹெட்போனை எடுத்து நீட்டினாள். "பாட்டு போடாம கேளுங்க அங்கிள். அத மட்டும் மறந்துடாதீங்க."

பிரேமலா வேலைக்குப் போகும் நேரம்தான். ரெண்டு பேரும் பஸ் பிடித்துப் பாலம் தாண்டினார்கள். சோதனைச் சாவடி வரிசையில் காளியப்பன் ரெண்டு ஹெட்போன்களையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். உட்லண்ட்ஸில் படியிறங்கிப் போனபோதுதான், இந்த மண்ணுக்கடி ரயிலில் இத்தனை வருஷத்தில் ரெண்டு தடவைகூட ஏறியதில்லை என்று நினைத்துக்கொண்டார். ரயிலுக்கென்று ஹெட்போன் விற்றவர்.

ரயில் கிளம்பிச் சுரங்கத்துக்குள் புகுந்ததும் சத்தம் வந்தது. சக்கரத்திலிருந்து ஏறி, சுவரில் மோதி, காலடித் தகடு வழியாக எலும்புக்குள் வரும் உறுமல். பக்கத்தில் நின்றவர் பேசுவதற்குக் காதுக்குள் குனிய வேண்டியிருந்தது. காளியப்பன் முதலில் தன் கடை ஹெட்போனைத்தான் மாட்டினார். பஞ்சு மூடியதில் கொஞ்சம் குறைந்தது. நல்லது. சுவிட்சை அழுத்தினார். விரலுக்கு அந்தக் 'க்ளிக்' தெரிந்தது. ரயில் அப்படியே உறுமியது. மறுபடி அழுத்தினார், அணைத்தார், அழுத்தினார். எதிர் இருக்கையில் இருந்த சீனக் கிழவி அவரையே பார்த்தாள். ஆறேழு தடவை அழுத்தியிருப்பார். உறுமலில் ஒரு மயிரளவு மாற்றம் இல்லை.

அப்புறம் சாருமதியின் ஹெட்போன். அழுத்தினார். ரயில் ஏதோ பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிட்டதுபோல் இருந்தது. உறுமல் அடியோடு தாழ்ந்துபோனது. ஆனாலும் கதவு திறக்கும் மணியும், ஒரு பிள்ளையின் சிரிப்பும், அடுத்த நிலையம் என்ன என்று சொன்ன குரலும் கேட்டன. சாருமதி சொன்னது ஒன்று விடாமல் சரியாக இருந்தது. இதே அமைதியைத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெனரேட்டர் பக்கம் நின்று கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அதன் பிறகு வந்த ஒரு பெட்டியையும் இப்படிக் கேட்கவில்லை.

பிரேமலா கையை நீட்டினாள். அதை வாங்கி மாட்டிக்கொண்டு பாடத்தைப் போட்டாள். விரலால் சத்தக் கோட்டை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். கால்வாசிக்கு வந்தது.

"அங்கிள்" என்றாள், அவரைப் பார்க்காமல். "இவ்ளோ கம்மியா வச்சே எல்லாம் புரியுது."

காளியப்பன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். கடை ஹெட்போனை அவளிடம் கொடுத்து, சாருமதியுடையதை வாங்கிக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பினார். அவள் இறங்கவில்லை, வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கடையில் ஸ்குரூடிரைவரை எடுத்தார். கண்ணாடி அலமாரியில் காட்சிக்காக வைத்திருந்தது முதல் தடவை வந்த ஹெட்போன். அதைத் திறந்தார். ஓட்டிலிருந்த சின்னத் துளைக்குப் பின்னால் அரிசி அளவுக்கு ஒரு மைக், அதிலிருந்து ரெண்டு மெல்லிய வயர். பிறகு கடைசியாக வந்த பெட்டியிலிருந்து ஒன்றைத் திறந்தார். அதே நிறம், அதே எழுத்து, அதே துளை. துளைக்குப் பின்னால் வெறும் பிளாஸ்டிக். துளை அந்தப் பக்கம் போகவே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்காக மட்டும் போடப்பட்ட ஓட்டை.

மனுஷன் ரெண்டு ஹெட்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளியூர்க்காரன் ஏமாற்றினால் ஏமாந்தவன் முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இது அப்படி இல்லை.

கெலாங் பாத்தாவில் மகேஸ்வரனுக்கு ஒரு சரக்குக் கிடங்கு, மேலே வீடு. மறுநாள் காலை காளியப்பன் ரெண்டு ஹெட்போன்களையும் திறந்தபடியே துணியில் சுற்றிக்கொண்டு போய் அவன் மேசையில் வைத்தார். மகேஸ்வரன் பார்த்தான். பார்த்த விதத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று விளங்கிவிட்டது.

"எப்பருந்து மாப்ள?"

மகேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டான், உட்காருங்கள் மச்சான் என்றான். காளியப்பன் உட்காரவில்லை. அவன் சுற்றி வளைத்துப் பேசினான். முதல் சரக்குக்கு அப்புறம் சீனாவில் விலை ஏறிவிட்டது, இருநூற்று அறுபதுக்கு விற்கிற மாதிரி மைக் வைத்து யாரும் தரவில்லை, வாடிக்கை போய்விடக் கூடாதே என்று பார்த்தேன், விளக்கு எரிந்தால் ஜனங்களுக்குத் திருப்தி என்றான். விலை குறைந்த சரக்கை ஏன் பழைய விலைக்கே எனக்குக் கொடுத்தாய் என்று காளியப்பன் கேட்டார். மகேஸ்வரன் திறந்து கிடந்த ஹெட்போன்மேல் துணியை இழுத்து மூடினான்.

"ஒரு பொண்ணுக்குக் காது போச்சுடா."

"எல்லாரும் இப்டித்தான் விக்கிறாங்க மச்சான். ஜேபி டவுன் முழுக்க இதே சாமான்தான்."

"அப்ப அவனுங்ககிட்ட குடுத்திருக்கலாமே. எதுக்கு எனக்குக் குடுத்த?"

மகேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான். கெட்டவன் ஒருவன் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்; இவன் சாதாரணமாக, வியாபாரக் கணக்கைப் போலச் சொன்னான்.

"மத்த கடையில வச்சா ஜனங்க மாட்டிப் பாத்துக் கேள்வி கேப்பாங்க மச்சான். உங்க கடையில யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா வாங்கிடுவாங்க. அங்க விக்கிறது உங்க பேரு, சாமான் இல்ல."

காபித் தட்டோடு படியிறங்கி வந்த தங்கை புஷ்பவள்ளி நடுப்படியில் நின்றாள். அவளைப் பார்த்து காளியப்பன், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் தட்டை மேசையில் வைத்தாள். "விடுங்கண்ணே. ஹெட்போன்தானே லா" என்றாள். "இவரு உங்களுக்குச் செஞ்சது ஒண்ணா ரெண்டா?"

எட்டாயிரம் வெள்ளி. அதைத்தான் சொல்கிறாள். அடைத்து முடித்த கடனை இத்தனை வருஷம் கழித்து எடுத்து முன்னால் வைக்கிறாள். அடைத்த கடனுக்கு அவர் ஒவ்வொரு பெட்டியிலும் வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார், தெரியாமல். அவள் கையில் அவர் போட்ட காப்பு இருந்தது. காளியப்பன் அதைப் பார்த்தார், வாசலை நோக்கி நடந்தார். நஷ்டத்தில் பாதியைத் தருகிறேன் என்று மகேஸ்வரன் பின்னாலிருந்து கூப்பிட்டான். காளியப்பன் திரும்பவில்லை. அந்த வீட்டுக் காசைத் தொட்டு அவர் தன் வாயைத் திரும்ப வாங்கப் போவதில்லை.

அடுத்த நாள் கடை வாசலில் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார்: என்னிடம் வாங்கிய சத்தம் அடக்கும் ஹெட்போனைக் கொண்டுவந்து முழுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் காதில் போடாதீர்கள். மூன்று மொழியிலும் எழுதினார். மலாய் எழுத்தில் ஒரு பிழை இருந்ததாம், யாரோ சொன்னார்கள், திருத்தினார். எதிர்க்கடைக்காரன் வந்து, மனுஷா உனக்குப் பைத்தியமா, நீயே உன் கடையைக் கொளுத்துகிறாயே என்றான். கடை எரிந்தால் கட்டிக்கொள்ளலாம் என்றார் காளியப்பன். ஏற்கெனவே ரெண்டு தடவை கட்டியவன்தான் நான் என்றார்.

வீட்டுக் கூரை மாற்ற வைத்திருந்த பணம் கரைந்தது. வந்தவர்கள் சிலர் தோளைத் தட்டினார்கள். சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு, நீங்களுமா என்ற ஒரு பார்வையை விட்டுவிட்டுப் போனார்கள். தட்டியவர்களை அவர் மறந்துவிட்டார். பார்த்தவர்கள்தான் மனசில் நின்றார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும், இனி எங்கே எதை வாங்கினாலும் பாட்டை நிறுத்திவிட்டு, உறுமும் இடத்தில் நின்று சுவிட்சைப் போட்டுப் பாருங்கள், அடங்கினால் வாங்குங்கள், வாங்கியபின் சத்தத்தை இறக்குங்கள், பிளாட்பாரத்தில் நிற்கும்போது கழற்றுங்கள் என்று சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். பலர் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிரேமலா வரவில்லை. சாருமதியிடம் ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது காளியப்பன் விசாரித்தார். குழி விழுந்த இடம் திரும்ப நிரம்பாது, ஆனால் இதற்கு மேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம், காதில் ஈ பறக்கும் சத்தம் காலப்போக்கில் தணியலாம், தணியாமலும் போகலாம் என்று சாருமதி சொன்னாள். பல் மருத்துவர் முகமூடிக்குள் பேசுவது அவளுக்குச் சில சமயம் விளங்குவதில்லை, பரீட்சையை ஒத்திப்போட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது சாருமதியின் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. காளியப்பனுக்கு அது இருந்திருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமலா வந்தாள். கடையில் ஆள் இருந்தது. அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். முன்பெல்லாம் நுழையும்போதே, அங்கிள் சாப்டீங்களா என்று கேட்கிறவள். இன்றைக்கு ஹெட்போனைப் பெட்டியோடு மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான்.

காளியப்பனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான் ஏமாற்றவில்லை, நான் ஏமாந்தேன் என்று சொல்லலாம். மாப்பிள்ளை பெயரைச் சொல்லலாம். வாயெடுத்தார். அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக்கொண்டு, சரியாகக் கேட்பதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். அதைப் பார்த்ததும் அவர் கல்லாப் பக்கம் திரும்பிவிட்டார்.

கல்லாவைத் திறந்தார். நோட்டுகளை எடுத்துச் சுருட்டி அவளிடம் நீட்டினார். கடையில் அவள் மீதிச் சில்லறையைக்கூட எண்ணிப் பார்த்ததில்லை. கொடுத்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். இன்றைக்குச் சுருட்டை வாங்கவில்லை. கையை விரித்து மேசைமேல் வைத்தாள்.

"எண்ணிக் குடுங்க அங்கிள்."

காளியப்பன் சுருட்டைப் பிரித்தார். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். ஐம்பது என்றார், அவள் உள்ளங்கையில் வைத்தார். நூறு. நூற்றைம்பது. இருநூறு. இருநூற்றைம்பது. கடைசியாகப் பத்து வெள்ளி நோட்டு ஒன்று. அதன் மடிப்பை விரலால் நீவி, மற்றவற்றின் மேல் வைத்தார்.